"தயவுசெய்து"வ விட்டு மூணு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

ஆஃபீஸ் மெயில், சப்டைட்டில்னு இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மாத்துறதுதான் என் வேலை. ஆரம்பத்துல "குட் யூ பாசிப்ளி"ன்னு வந்தா கண்ண மூடிட்டு "தயவுசெய்து உங்களால் முடியுமா"ன்னு போட்டுடுவேன். ஒரு தடவை "இந்த ரிப்போர்ட்டைப் பார்க்க உங்களால் முடியுமா?"ன்னு ஒரு மெயில் போச்சு, அந்தப் பக்கத்துல இருந்து "முடியும்"னு ஒரே வார்த்தைல பதில் வந்துச்சு, ரிப்போர்ட்ட யாரும் பாக்கல. அவரச் சொல்லி குத்தமில்ல, நான் கேட்டது அவரோட திறமையப் பத்தி.

அன்னைல இருந்து "முடியுமா"வ விட்டுட்டேன், "தயவுசெய்து"வ அறிவிப்புப் பலகைக்கும் கெஞ்சுற சீனுக்கும் மட்டும் வெச்சுக்கிட்டேன். மத்த இடத்துல "கொஞ்சம்", கூடவே "தர்றீங்களா". "இதைக் கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?" இதுல அந்த "தர்ற"துதான் முக்கியம், எனக்காகப் பண்றீங்கன்னு அதுவே சொல்லிடுது. எழுதினதும் பதில யோசிச்சுப் பாப்பேன், "சரி, பாத்துத் தரேன்"னு வாயில வந்தா அது வேண்டுகோள், "முடியும்"னு வந்தா திரும்ப எழுதணும். "பாக்க மாட்டீங்களா"ன்னு மட்டும் போட்டுடாதீங்க, அது சண்டைக்கு இழுக்குற மாதிரி ஆயிடும்.

"வுட் இட் பி ஆல்ரைட்"தான் என்னை ரொம்ப படுத்துனது. "நான் கிளம்பினால் சரியாக இருக்குமா"ன்னா கணக்கு சரியான்னு கேக்குற மாதிரி இருக்கு. "கிளம்பலாமா"ன்னு போட்டேன், சப்டைட்டில்ல இடம் பத்தாம "நான்"ன வேற வெட்டிட்டேன், படிச்சவங்க, ரெண்டு கேரக்டரும் சேந்து கிளம்புறாங்கன்னு நெனச்சுட்டாங்க. அங்க "கிளம்பட்டுமா"தான் சரி. ஆனா அதுவும் எல்லா இடத்துக்கும் ஒத்து வராது, "மீதிய திங்கக்கிழமை அனுப்பட்டுமா"ன்னா ஏதோ உதவி பண்றேன்னு சொல்ற தொனி வந்துடுது, உண்மைல லேட் பண்றது நாமதான். அதனால இப்போ அந்தப் பக்கம் இருக்குறவருக்குக் கஷ்டம்னா "திங்கக்கிழமை அனுப்புனா பரவாயில்லையா"ன்னும், வெறும் அனுமதின்னா "-ட்டுமா"ன்னும் போடுறேன். இத நான் பிடிக்கவே ஒரு வருஷம் ஆச்சு.

குறைன்னு பாத்தா "கொஞ்சம்" சில இடத்துல காலை வாரும். "கொஞ்சம் பணம் அனுப்புறீங்களா"ன்னா எவ்வளவு கொஞ்சம்னு கேப்பாங்க, அங்க அத எடுத்துட்டு "பணத்த அனுப்பி வெக்கிறீங்களா"ன்னு விட்டுடுவேன். அப்புறம் மேனேஜர் ஜூனியர்கிட்ட "குட் யூ பாசிப்ளி"ன்னு சொன்னா அதே பணிவ தமிழ்ல வெச்சா கிண்டல் மாதிரி கேக்கும், "வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துடுறீங்களா" போதும், அந்த "-றீங்க"லயே மரியாதை வந்துடுது.

கோவத்துல "குட் யூ பாசிப்ளி பி கொயட்"னு ஒரு கேரக்டர் பல்லக் கடிச்சுட்டு சொல்ற சீன் ஒண்ணு வந்துச்சு, "கொஞ்சம் வாய மூடிட்டு இருக்கீங்களா"ன்னு போட்டேன். அதே "கொஞ்சம்"தான், ஆனா அங்க குத்துது.