செக் பவுன்ஸ் நோட்டீஸ் வந்தவர்களுக்கு எச்சரிக்கை: ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்ற பேச்சில் 15 நாளைத் தொலைக்காதீர்கள்

செக் திரும்பி, வக்கீல் நோட்டீஸும் கைக்கு வந்த கையோடு, செக் கொடுத்தவருக்கு ஒரு போன் வரும். செக் வாங்கியவருக்கும் அவருக்கும் நடுவில் நிற்கும் ஆள் பேசுவார். “அண்ணே, நோட்டீஸெல்லாம் சும்மா ஒரு சடங்குதான். பதில் போட்டு விஷயத்தைப் பெருசாக்காதீங்க. கையில இருக்கிறதைக் குடுங்க, மீதியைப் பேசி முடிச்சுக்கலாம்.” அவரை நம்பி ரொக்கமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு, சில மாதம் கழித்து மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அதில் முழுத் தொகைக்கும் வழக்கு இருக்கும். கொடுத்த ரொக்கத்துக்கு ரசீது இருக்காது. இந்த ஏமாற்று திரும்பத் திரும்பப் பலிப்பதற்குக் காரணம், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் எந்தக் கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பது செக் கொடுத்தவருக்குத் தெரியாததுதான்.

ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். செக் தேதி 2025 ஜனவரி 2, தொகை 1,50,000 ரூபாய். கணக்கில் போதிய பணம் இல்லை என்று செக் திரும்பி, வாங்கியவர் கைக்கு வங்கியின் ரிட்டர்ன் மெமோ வந்த நாள் ஜனவரி 22.

முதல் கெடு அவருக்கு. திரும்பிய செய்தி தெரிந்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் பணத்தைக் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஜனவரி 22-ஐக் கழித்து எண்ணினால் பிப்ரவரி 21 கடைசி நாள். அந்த நாளுக்குள் தபாலில் சேர்த்துவிட்டால் போதும், அதற்குள் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டியதில்லை. இந்த 30 நாள் தவறினால், அந்த ஒரு ரிட்டர்னை வைத்து அவர் 138-ன் கீழ் வழக்குப் போட முடியாது. ஆனால் அதற்காக நீங்கள் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். செக்கின் ஆயுள், அதன் தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்குள் அதே செக்கை மறுபடியும் வங்கியில் போடலாம், மறுபடி திரும்பினால் புதிய 30 நாள் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்த கெடுதான் உங்களுடையது. நோட்டீஸ் பிப்ரவரி 10 அன்று அனுப்பப்பட்டு, 13 அன்று உங்கள் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பெற்ற நாளைக் கழித்து 15 நாள் எண்ணுங்கள். பிப்ரவரி 28 கடைசி. நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியிலிருந்தோ, தபாலில் சேர்த்த நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் எண்ணை அஞ்சல் துறை இணையதளத்தில் போட்டால், பட்டுவாடா ஆன நாள் தெரியும். அதையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

“வாங்காம திருப்பி அனுப்பிடுங்க, கையெழுத்துப் போட்டாத்தான் கேஸ்” என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். பேச்சுவார்த்தைக்காரரின் யோசனையைவிடக் கெட்ட யோசனை இது. சரியான முகவரிக்கு வந்த தபாலை ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், கோர்ட் அதை உங்களுக்குச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் 15 நாள் ஓடிக்கொண்டிருக்கும், அது எப்போது முடிந்தது என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

இந்த 15 நாளுக்குள் செக் தொகை முழுவதும் போய்ச் சேர வேண்டும். நம் உதாரணத்தில் ஐம்பதாயிரம் கொடுத்து மீதிக்குத் தவணை பேசினாலும், பிப்ரவரி 28 தாண்டியதும் குற்றம் முழுமையாகிவிடும். வாங்கியவர் தவணைக்கு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு, வழக்குப் போடுவதில்லை என்று கையெழுத்திட்டுத் தராதவரை, வாய்ப் பேச்சு உங்களைக் காப்பாற்றாது. பணத்தை நடுவில் நிற்பவர் கையிலோ அவருடைய யுபிஐ-யிலோ போடாதீர்கள். செக் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய கணக்குக்கு என்இஎஃப்டி மூலம், செக் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். கணக்கு விவரம் தர மறுத்தால், அவர் பெயரில் டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, அவருடைய வக்கீலுக்குப் பதில் கடிதத்தோடு அனுப்புங்கள். பழைய செக்கைத் திருப்பித் தரும்படி அதே கடிதத்தில் கேளுங்கள்.

நோட்டீஸில் வட்டி, வக்கீல் கட்டணம் என்று தனித்தனியாகச் சேர்த்து இரண்டு லட்சம் கேட்டிருந்தாலும் பதற வேண்டாம். 138-ன் கீழ் வழக்கைத் தவிர்க்கச் செக் தொகையான 1,50,000 போதும். வட்டிக்கு உரிமை இருந்தால் அதை அவர் சிவில் வழக்கில்தான் கேட்க வேண்டும். இந்த ஒன்று தெரியாமல், மொத்தத் தொகையையும் புரட்ட முடியவில்லையே என்று கையில் இருந்த ஒன்றரை லட்சத்தையும் கட்டாமல் விட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடன் உண்மையிலேயே இல்லை, அல்லது செக்கைப் போடுவதற்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டீர்கள் என்றால், அதே 15 நாளுக்குள் ஆதாரத்தோடு பதில் அனுப்புங்கள். பதில் போடாதது குற்றமல்ல. ஆனால் செக்கில் உள்ள கையெழுத்தை ஒப்புக்கொண்டால் கடன் இருப்பதாகவே கோர்ட் அனுமானிக்கும், அப்போதே மறுக்காத கதையைப் பிறகு சொன்னால் எடுபடுவது கடினம். “செக்யூரிட்டிக்குக் கொடுத்த வெற்றுச் செக்” என்ற ஒரு வரி மட்டும் அந்த அனுமானத்தை உடைக்காது.

பிப்ரவரி 28 பணமில்லாமல் கடந்தால், மார்ச் 1 அன்று வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அந்த நாளைக் கழித்து ஒரு காலண்டர் மாதம், அதாவது ஏப்ரல் 1 வரை அவர் புகார் தாக்கல் செய்யலாம். உங்கள் 15 நாள் முடியும் முன்பே போட்ட புகார் செல்லாது. இருந்தாலும் அதை வைத்து மட்டும் வழக்கு ஒழிந்தது என்று நினைக்காதீர்கள், திரும்பப் போட வழி இருக்கிறது. தாமதமாகப் போட்டாலும், போதிய காரணம் காட்டி மனு கொடுத்தால் கோர்ட் மன்னிக்கலாம். அந்த மன்னிப்பு இந்த ஒரு மாதக் கெடுவுக்கு மட்டும்தான், நோட்டீஸுக்கான 30 நாளுக்குக் கிடையாது. அதனால் சம்மனோடு புகார் நகல் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, ரிட்டர்ன் மெமோ கிடைத்த நாளும் நோட்டீஸைத் தபாலில் சேர்த்த ரசீதின் தேதியும்தான்.

நோட்டீஸே உண்மையில் வரவில்லை, சம்மனைப் பார்த்துத்தான் தெரியும் என்பவருக்கு அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டி, கட்டிவிட்டேன் என்று கோர்ட்டில் சொல்லிப் புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். அந்த 15 நாளிலும் கட்டாதவர், நோட்டீஸ் சரியாக வரவில்லை என்று பிறகு வாதாட முடியாது.

அதற்குப் பிறகு வழக்கை எதிர்த்து நின்றால், விசாரணை முடிவதற்கு முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம். இங்கே அது 30,000 ரூபாய் வரை. உத்தரவு நாளிலிருந்து 60 நாளுக்குள் கட்ட வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் வரை கிடைக்கும்.