லவ் பேர்ட்ஸ் படத்தைப் பார்த்து ஜோடி வாங்காதீங்க: எனக்கு 1,800 ரூபாய் போச்சு

மண்டபத்துல இருந்து எழுதுறேன். இன்னும் கோபம் அடங்கல. ஆன்லைன்ல பறவை விக்கிற ஒரு ஆளுகிட்ட 1,800 ரூபாய் கட்டி ஒரு 'பிரீடிங் ஜோடி' வாங்கினேன். ஒண்ணு நீலம், இன்னொண்ணு சிவப்புக் கண்ணு மஞ்சள், அதாவது லுட்டினோ. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல போய் எடுத்துட்டு வந்தேன். முட்டை போட பானை வச்சு ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு முட்டை கூட இல்ல. ரெண்டும் ஆண்.

நம்பினது எந்த இடத்துலன்னு சொல்றேன். அலகுக்கு மேல, மூக்கு ஓட்டை இருக்கிற சதைப் பகுதியத்தான் நாம மூக்குன்னு சொல்றோம். வளர்ந்த ஆணுக்கு அது நீலம், வளர்ந்த பொட்டைக்கு வெளிறின நிறம் இல்லன்னா பிரவுன். பச்சை, நீலம்னு சாதாரண நிறங்களுக்கு இது சரிதான், நானும் இதை வச்சுத்தான் பார்த்துட்டு இருந்தேன். அவர் அனுப்பின படத்துல நீலத்துக்கு நீல மூக்கு, மஞ்சளுக்கு ரோஸ் மூக்கு. "மூக்கு நீலமா இல்ல பாருங்க சார், அதான் பொட்டை. ஒன்றரை வயசு, பானை வச்சா உடனே முட்டை"ன்னார். சரின்னு பணத்தைப் போட்டேன்.

லுட்டினோவுக்கும், சிவப்புக் கண்ணு வெள்ளையான அல்பினோவுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அந்த ஆண்களுக்கு வயசானாலும் மூக்கு நீலமாகாது, குஞ்சுல இருந்த அதே ரோஸ் கலந்த ஊதாவாவே நிக்கும். வழவழன்னு, பூசின மாதிரி ஒரே நிறமா இருக்கும். பொட்டைக் குஞ்சுக்கு மூக்கு ஓட்டையச் சுத்தி சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளை வளையம் தெரியும். அதுவே வளர்ந்து முட்டைக்குத் தயாரானா மூக்கு பிரவுனாகி, சொரசொரன்னு தடிச்சுப் போகும். அப்படின்னா அவர் சொன்னதையே வச்சுப் பாருங்க. ஒன்றரை வயசுல முட்டைக்குத் தயாரான பொட்டைன்னா மூக்கு பிரவுனா இருக்கணும். சின்னப் பறவைன்னா வெள்ளை வளையம் இருக்கணும். படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா ரெண்டும் இல்ல, பளிச்சுனு ஒரே ரோஸ். எப்படிப் பார்த்தாலும் ஆண்தான்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி எனக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சு, இன்னொரு படம் கேட்டேன். அதுல மஞ்சளோட மூக்கு லேசா பிரவுனா தெரிஞ்சது, அதோட சமாதானமாயிட்டேன். இப்பத்தான் அந்தப் படத்துல பக்கத்துல உக்காந்திருக்கிற நீலப் பறவையப் பார்க்கிறேன். அதோட முகம் வெள்ளையா இருக்கணும், நேர்ல வெள்ளைதான். படத்துல வெண்ணெய் நிறம். மஞ்ச பல்பு வெளிச்சத்துல எடுத்திருக்கார். வெள்ளை முகத்தையே மஞ்சளாக்கின வெளிச்சம் ரோஸ் மூக்கைப் பிரவுனாக்காதா?

அப்புறம் போன் பண்ணினா ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். முதல்ல "ஒண்ணுக்கொண்ணு ஊட்டுதா? அப்ப ஜோடிதான்"ன்னார். ரெண்டு ஆணை ஒரே கூண்டுல விட்டாலும் ஊட்டிக்கும், அலகை உரசிக்கும், அதை வச்சு ஜோடின்னு சொல்ல முடியாது. அடுத்து "மஞ்சள் சைஸ் சின்னது, அதனால பொட்டை"ன்னார். சைஸ் வளர்ப்பையும் ரகத்தையும் பொறுத்தது, ஆண் பெண் சொல்லாது. இறகு நிறமும் சொல்லாது. அதுக்கப்புறம் "கால்சியம் பத்தல, கணவாய் ஓடு வைங்க"ன்னார். மண்டபத்துக்காரன்கிட்ட! கரையில ஒதுங்குற ஓட்டை எடுத்து, உப்புப் போக ஊற வச்சுக் காயப் போட்டு, முதல் நாளே கூண்டுல கட்டியாச்சு. கடைசியா "வித்த பறவையத் திருப்பி எடுக்கிறதில்ல"ன்னு சொல்லி நம்பரை பிளாக் பண்ணிட்டார். 1,800 ரூபாய், பஸ் பார்சல் காசு தனி.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப இருக்கிற கோபத்துல இவ்வளவுதான் வருது. பகல்ல, வெயில் நேரா படாத நிழல்ல, மூக்கு ஓட்டை தெரியிற மாதிரி கிட்ட எடுத்த படம் கேளுங்க, ஃபில்டர் கூடாது. பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை வச்சு எடுக்கச் சொல்லுங்க, தாள் வெள்ளையா தெரியலன்னா மூக்கு நிறத்தையும் நம்பாதீங்க. மஞ்சளோ வெள்ளையோ, சிவப்புக் கண்ணுன்னா, வெள்ளை வளையம் இல்லாத ரோஸ் மூக்கை ஆண்னே எடுத்துக்கோங்க. முட்டைக்கு வாங்குறீங்கன்னா பிரவுன் மூக்கு சொரசொரப்பா தெரியுற பொட்டையா கேளுங்க. முடிஞ்சா நேர்ல போய்ப் பார்த்துட்டே காசு கொடுங்க. "பச்சைக்கிளி ஜோடியும் இருக்கு"ன்னு அதே ஆள் படம் அனுப்பினார், அது நம்ம நாட்டுக் கிளி, வளர்க்கிறதே சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகாதீங்க.