எட்டு போட்ட கதை (லண்டன்ல இருந்து வந்து!)

லண்டன்ல கார் லைசென்ஸ் வாங்கி 8 வருஷம் ஆச்சு, ஆனா அத வச்சு ஊர்ல அப்பாவோட பைக்க ஓட்ட முடியாதே, அதான் இந்த தடவ ஆறு வார லீவுல வந்ததும் முதல் வேலையா எல்எல்ஆர் போட்டேன். 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட், அதுக்குள்ள பழகிடலாம்னு நெனச்சேன்.

முதல் தடவ பத்து மணிக்கு வரச்சொன்னாங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தது பதினொன்றரைக்கு. வெயில்ல, வெறும் வயித்துல ரெண்டு காப்பி குடிச்சிட்டு, முன்னாடி போறவங்க ஒவ்வொருத்தரா கால ஊனுறத பாத்துட்டே நின்னா கை நடுங்காம என்ன செய்யும்? என் முறை வந்துச்சு, டிரைவிங் ஸ்கூல் வண்டி, கிளட்ச் எங்க பிடிக்குதுன்னே தெரியல, ரெண்டாவது வளைவுல கால் தரையில. "அடுத்து." அவ்ளோதான்! லண்டன்ல 40 நிமிஷம் ஓட்ட விடுவாங்க, 15 சின்ன தப்பு வரைக்கும் மன்னிச்சு பாஸ் போடுவாங்க, இங்க 40 செகண்ட்ல கதை முடிஞ்சுது. திரும்ப டெஸ்டுக்கு 7 நாள் கழிச்சுத்தான் வரணுமாம், எனக்கோ பத்தாம் நாள் ஃபிளைட்.

அந்த ஏழு நாளும் காலைல வீட்டுக்குப் பின்னாடி இருக்கற பொட்டல்ல அம்மாவோட கோலமாவுல எட்டு வரஞ்சு அப்பா வண்டியிலயே பழகினேன், அம்மா திட்டினது தனி. எதிர்வீட்டு அண்ணன் டிரைவிங் ஸ்கூல்ல இருக்கார், வந்து பாத்துட்டு, "தம்பி, டயர பாக்காதீங்க, போகப்போற வளைவ பாருங்க"ன்னார். பாத்தா வண்டி அதுவா அங்க போகுது! முதல் கியர், கிளட்ச பாதி பிடிச்சு லேசா ஆக்ஸிலேட்டர், வேகம் கூடினா பின் பிரேக்க மட்டும் மெதுவா மிதிக்கணும். வளைவுல முன் பிரேக்க தொட்டீங்கன்னா ஹேண்டில் மடங்கி கால் தானா இறங்கிடும், எனக்கு அதுதான் நடந்திருக்கு.

ரெண்டாவது தடவ சொந்த வண்டியே கொண்டு போனேன், ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் எல்லாம் முந்தின ராத்திரியே கவர்ல போட்டாச்சு, இல்லேன்னா ராத்திரி முழுக்க அதே நெனப்பு. காலைல ரெண்டு இட்லி, காப்பி கட். மத்தவங்க ஓட்டுறத பாக்காம வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னு, நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி விட்டுட்டே இருந்தேன், விடுறது நீளமா இருந்தா படபடப்பு குறையுது. வண்டியில ஏறினதும் தோள தளர்த்தினேன், ஹேண்டில இறுக்கிப் பிடிச்சா கை நடுக்கமெல்லாம் வண்டிக்குத்தான் போகுது.

எட்ட முடிச்சு கால் ஊனாம வெளிய வந்துட்டேன். இன்ஸ்பெக்டர் தலையக்கூட நிமிரல, "போங்க"ன்னார், அது பாஸா ஃபெயிலான்னு தெரியாம அஞ்சு நிமிஷம் நின்னேன். பாஸ்தானாம்.

கார்டு தபால்லதான் வருமாம். அது வர்றப்ப நான் லண்டன்ல பஸ்ல போயிட்டு இருப்பேன்.