மாம்பழ சீசனில் ஜூன் தேர்வு: இக்னோ எம்.ஏ. படித்து முடித்த அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்தேன். ஜூலை சேர்க்கையில் சேர்ந்தால் முதலாண்டின் நான்கு தாள்களுக்கும் தேர்வு அடுத்த ஜூனில் வரும். எங்களுக்கு அதுதான் பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கும் நேரம். லாரிகள் கேட் வரை வரிசையில் நிற்கும்போது லீவு கேட்கவே முடியாது. அதற்கு முன் மார்ச், ஏப்ரலில் அசைன்மென்ட் கெடுவும் எக்ஸாம் ஃபார்மும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சேரும்போதே கணக்குப் போட வேண்டியது இதைத்தான்.

ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. ஒரு தாள் 8 கிரெடிட், அதாவது 240 மணி நேரம். நான்கு தாளுக்கு 960. வருடம் முழுக்கப் பரப்பினாலும் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஷிப்டில் இருப்பவருக்கு, அதுவும் சீசன் மாதங்களில், இது நடக்காத காரியம்.

எனக்கு வழி விட்டது ஒரு விதி. அசைன்மென்டும் தேர்வும் தனித்தனிக் கணக்கு. ஒருமுறை அசைன்மென்டில் தேறிவிட்டால் அந்த மதிப்பெண் படிப்புக் காலம் முழுக்க நிற்கும். ஃபார்மில் எந்தத் தாள்களைத் தேர்ந்தெடுக்கிறோமோ அவற்றை மட்டும் எழுதலாம், மீதியை டிசம்பர் தேர்வுக்குத் தள்ளலாம். ஆனால் அசைன்மென்டைத் தள்ளக் கூடாது. அந்த ஆண்டின் கேள்வித்தாள் அந்த ஆண்டுக்கு மட்டும்தான். கெடு தாண்டினால் புதிய கேள்விகளுக்கு முதலிலிருந்து எழுத வேண்டும். அதனால் நான்கு அசைன்மென்டையும் முதல் கெடுவுக்குள் முடித்துவிட்டு, அரசியல் கோட்பாடு (MPS-001), சர்வதேச உறவுகள் (MPS-002) இரண்டை மட்டும் ஜூனில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் லீவு கேட்டால் கிடைக்கும், நான்கு நாள் கிடைக்காது. மற்ற இரண்டும் டிசம்பரில். அப்போது ஆலையில் வேலை குறைவு.

அசைன்மென்டைத் தேர்வுக்கான படிப்பாகவே எழுதியதுதான் எனக்கு அதிகம் உதவியது. இந்தப் படிப்பில் இரண்டுக்கும் ஒரே அமைப்பு: இரண்டு பிரிவுகள், பிரிவுக்குக் குறைந்தது இரண்டு எழுதி மொத்தம் ஐந்து பதில்கள், ஒவ்வொன்றும் சுமார் 500 சொற்கள். ரால்ஸின் நீதிக் கோட்பாடு என்றால் முதலில் புத்தகத்தைத் திறந்து வைத்து, நிதானமாக, சமர்ப்பிக்கும் தாளில் எழுதுவேன். சில வாரம் கழித்து அதே தலைப்பைப் புத்தகம் இல்லாமல், கடிகாரத்தை வைத்து எழுதுவேன். மூன்று மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு பதிலுக்கு 36 நிமிடம். ஒரு பதிலை மட்டும் எழுதினால் இதன் கஷ்டம் தெரியாது. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுதும்போது நான்காவதில் விரல் மரத்து, கையெழுத்து படுத்துவிடும், ஐந்தாவது பாதிப் பக்கத்தோடு நின்றுவிடும். அதனால் நன்றாகத் தெரிந்த தலைப்பில் 36 நிமிடத்தைத் தாண்டாமல் நிறுத்தப் பழக வேண்டும். அசைன்மென்டுக்கு எடுக்காத ஐந்து கேள்விகளுக்கும் குறிப்பு எடுத்துவிட்டால் பாடத்தின் பெரும்பகுதியைத் தொட்டதாகிவிடும்.

மதிப்பெண் கணக்கையும் பார்த்துவிடுவோம். அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்டில் 80 வாங்கினால் 24 கிடைக்கும். தேர்வில் 50 வாங்கினால் 35. சேர்த்தால் 59, முதல் வகுப்புக்கு ஒன்று குறைவு. தேர்வில் 52 எடுத்தாலே 60 தாண்டிவிடும். ஆனால் இரண்டிலும் தனித்தனியே 40 வேண்டும். தேர்வில் 38 வாங்கினால் அசைன்மென்டின் 80 காப்பாற்றாது. அந்தத் தாளின் தேர்வை மட்டும் மறுபடி எழுத வேண்டும்.

கொடுத்த அசைன்மென்டுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், முழுவதையும் போட்டோ எடுத்து வையுங்கள். எனக்கு ஒரு தாளின் அசைன்மென்ட் மதிப்பெண் கிரேடு கார்டில் ஏறவே இல்லை. தேர்வில் தேறியும் அந்த வரிசையில் ‘NOT COMPLETED’ என்றே நின்றது. மதிப்பெண் கட்டம் காலியாக இருப்பதுதான் அடையாளம். சீட்டைக் காட்டிய பிறகே சரிசெய்தார்கள். தேர்வு முடிவோடு இந்தக் கட்டத்தையும் பாருங்கள்.

இப்படிப் பிரித்தால் ஒரு விலை உண்டு. டிசம்பருக்குத் தள்ளிய முதலாண்டுத் தாள்களைப் படிக்கும்போதே இரண்டாமாண்டு அசைன்மென்ட் ஆரம்பித்துவிடும். அக்டோபர், நவம்பரில் புது அசைன்மென்டைத் தொடாமல் தேர்வுக்கு மட்டும் படித்து, ஜனவரி முதல் மார்ச் வரை அவை எல்லாவற்றையும் எழுதினேன். அந்த மூன்று மாதம் நெருக்கடிதான். இரண்டாமாண்டையும் இதேபோல ஜூனுக்கும் டிசம்பருக்கும் பிரித்ததால், இரண்டு வருடப் படிப்பு இரண்டரை வருடமானது. உச்சவரம்பு நான்கு ஆண்டு என்பதால் பாதகமில்லை. ஆனால் அடுத்த ஜூலைக்குள் சான்றிதழ் கையில் வேண்டும், வேறு எங்காவது சேர வேண்டும் என்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்கள் முடிந்தால் ஜனவரி சேர்க்கையில் சேரட்டும். அதில் நான்கு தாளும் முதலில் டிசம்பரில்தான் வரும், சீசன் குறுக்கே வராது.