மூன்றாகப் பிரிப்பதா, ஐந்தாகப் பிரிப்பதா: ஆப்பிளின் ஆர்.ஓ.இ. சொல்லும் கதை

ஆப்பிள் நிறுவனத்தின் ஆர்.ஓ.இ., அதாவது பங்குதாரர் நிதியின் மீது கிடைக்கும் லாப விகிதம், 2012 நிதியாண்டில் 35%. 2022-ல் 197%. ஸ்கிரீனரில் இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், கம்பெனி அஞ்சரை மடங்கு திறமையாகிவிட்டது என்று நினைக்கலாம். டூபான்ட் முறையில் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை என்று தெரிந்துவிடும். ஆனால் அந்த முறையிலேயே மூன்று பாகம், ஐந்து பாகம் என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

முதலில் மூன்று பாகம். லாபத்தை விற்பனையால் வகுத்தால் லாப விகிதம். விற்பனையை மொத்தச் சொத்தால் வகுத்தால் சொத்துச் சுழற்சி. மொத்தச் சொத்தைப் பங்குதாரர் நிதியால் வகுத்தால் லீவரேஜ். மூன்றையும் பெருக்கினால் ஆர்.ஓ.இ. வந்துவிடும். ஆண்டிறுதிக் கணக்கை வைத்துப் போட்டால்:

| | 2012 | 2022 | எத்தனை மடங்கு |
|---|---|---|---|
| லாப விகிதம் | 26.7% | 25.3% | 0.95 |
| சொத்துச் சுழற்சி | 0.89 | 1.12 | 1.26 |
| லீவரேஜ் | 1.49 | 6.96 | 4.67 |
| ஆர்.ஓ.இ. | 35% | 197% | 5.58 |

அட்டவணையின் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். லாப விகிதம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஏற்றத்தின் பெரும்பங்கு லீவரேஜிலிருந்து வந்தது. 2012-ல் ஆப்பிளுக்குக் கடன் பத்திரங்களே கிடையாது; முதல் பெரிய வெளியீடு 2013 ஏப்ரலில்தான். 2022-ல் கடன் சுமார் 12,000 கோடி டாலர். அதைவிட முக்கியமானது, சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் அதற்குச் செலவிட்டது ஏறக்குறைய 8,900 கோடி டாலர். பத்தாண்டும் லாபம் குவிந்தபோதும் பங்குதாரர் நிதி 11,821 கோடியிலிருந்து 5,067 கோடியாகச் சுருங்கியது. வகுக்கும் எண் சுருங்கினால் விடை பெரிதாகத்தான் வரும். "ஏன் ஏறியது?" என்ற கேள்விக்கு மூன்று பாகமே போதுமான பதிலைத் தந்துவிடுகிறது.

சரி, பிறகு ஐந்து பாகம் எதற்கு? அந்த 0.95-க்காக. லாப விகிதம் அவ்வளவாக மாறவில்லை என்று அந்த வரியைத் தாண்டிப் போவது சுலபம். ஐந்து பாக முறை அதையே மூன்றாக உடைக்கிறது: வரி போக மிஞ்சுவது, வட்டி போக மிஞ்சுவது, தொழிலிலிருந்து வரும் இயக்க லாப விகிதம். வட்டியின் பங்கு இங்கே அற்பம், விட்டுவிடலாம். மற்ற இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. இயக்க லாப விகிதம் 35.3%-லிருந்து 30.3%-க்கு இறங்கியிருக்கிறது. வரி விகிதமோ 25.2%-லிருந்து 16.2%-க்குக் குறைந்தது (அமெரிக்க கார்ப்பரேட் வரி 2018 முதல் 35%-லிருந்து 21% ஆனது நினைவிருக்கலாம்). தொழிலில் இழந்ததை வரி ஈடுகட்டிவிட்டது. 2022-லும் பழைய 25.2% வரியே இருந்திருந்தால் லாப விகிதம் 22.6%, ஆர்.ஓ.இ. சுமார் 176%.

இறங்கிய அந்த ஐந்து புள்ளி எங்கே போனது? விற்பனையிலிருந்து பொருளின் அடக்கச் செலவை மட்டும் கழித்தால் வரும் மொத்த லாப விகிதம் 43.9%, 43.3% என்று கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. விற்பனை, நிர்வாகச் செலவும் இரண்டு ஆண்டிலும் 6.4%. மாறியது ஆராய்ச்சிச் செலவு: விற்பனையில் 2.2%-ஆக இருந்தது 6.7% ஆகிவிட்டது. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. பொருளுக்கு விலை கிடைக்காமல் விகிதம் சரிந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எனவே ஆர்.ஓ.இ. பெரிதாக நகர்ந்திருந்தால் முதலில் மூன்று பாகத்தைப் போடுங்கள். அதில் லாப விகிதம் அசையாமல் நின்றால், ஐந்து பாகத்துக்குப் போவது அவசியம் என்பேன். வரிச் சலுகையோ வட்டிச் செலவோ மாறிய ஆண்டாக இருந்தால் அதைத் தவிர்க்கவே கூடாது. அப்புறம், ஆண்டிறுதி நிதிக்குப் பதில் ஆண்டின் தொடக்கம், இறுதி இரண்டின் சராசரியை எடுத்தால் 35% என்பது 43% ஆகும், 197% என்பது 175% ஆகும். எதை எடுத்தாலும் இரண்டு ஆண்டுக்கும் அதையே எடுக்க வேண்டும்.

இரண்டு முறைக்கும் எட்டாத இடம் சொத்துச் சுழற்சி. 0.89-லிருந்து 1.12-க்கு ஏறியதைப் பார்த்தால் சொத்துகள் வேகமாக விற்பனையாக மாறுகின்றன என்று தோன்றும். ஆனால் 2012-ல் ஆப்பிளின் சொத்தில் 69% ரொக்கமும் முதலீட்டுப் பத்திரங்களும்தான். 2022-ல் அது 48%. அவற்றைக் கழித்துவிட்டு மிச்சச் சொத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால், சுழற்சி 2.86-லிருந்து 2.15-க்கு இறங்கியிருக்கிறது.