தேன் ஒத்துக்கொள்பவருக்கு ராயல் ஜெல்லியும் புரோபோலிஸும் ஒத்துக்கொள்ளுமா?

தேன் விற்கும் கடைகளில் இப்போது தேன் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே ராயல் ஜெல்லி மாத்திரையும் புரோபோலிஸ் சொட்டு மருந்தும் அடுக்கி வைக்கப்படுகின்றன. சிறு வயதிலிருந்து தேன் சாப்பிட்டு வருபவர், தேனீயிடமிருந்து கிடைப்பவைதானே என்று இந்த இரண்டையும் தயக்கமின்றி வாங்குகிறார். மூன்றும் ஒரே தேனீப் பெட்டியிலிருந்து எடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் தேன் பூவிலிருந்தும், ராயல் ஜெல்லி தேனீயின் உடலிலிருந்தும், புரோபோலிஸ் மரத்திலிருந்தும் வருகின்றன என்பதால், ஒவ்வாமையைப் பொறுத்தவரை இவற்றை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகக் கருத முடியாது.

தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய புரதம் அதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிறு அளவும் பூக்களின் மகரந்தத்திலிருந்தும், பூவின் இனிப்புச் சாற்றைத் தேனாக மாற்றும்போது தேனீ சேர்க்கும் உமிழ்நீரிலிருந்தும் வந்ததாகவே இருக்கும். ஆகவே தேனுக்கு ஒவ்வாமை ஏற்படுவது அரிது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளின் மகரந்தம் ஆகாத சிலருக்கு மட்டும், அந்தப் பூக்களிலிருந்து வந்த தேனைச் சாப்பிட்டால் வாயும் தொண்டையும் அரிக்கலாம். மிகச் சிலருக்கு அது கடுமையாகவும் ஆகலாம். தேனீ கொட்டினால் உடல் முழுவதும் தடிப்பவர்கள் தேனைக் கண்டு அஞ்சுவதுண்டு. ஆனால் கொட்டும்போது பாதிப்பை உண்டாக்குபவை பெரும்பாலும் நஞ்சிலுள்ள நொதிகள் என்பதால், அவர்களில் பலர் தேனைத் தொல்லையின்றிச் சாப்பிடுகிறார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் ஒவ்வாமை அன்று. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் என்ற நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள்.

ராயல் ஜெல்லியின் கதை வேறு. இளம் பணித் தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகளில் ஊறும் வெண்மையான, புளிப்பும் காரமும் கலந்த கூழ் இது. எல்லாப் புழுக்களுக்கும் முதல் மூன்று நாள் இந்த வகை உணவு கிடைக்கிறது. ராணியாகப் போகும் புழுவுக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கிறது. வணிகத்துக்காக இதை எடுப்பவர்கள், செயற்கையான ராணி அறைக் கிண்ணங்களில் இளம் புழுக்களை மாற்றி வைத்து, மூன்றாம் நாள் புழுவை அகற்றிவிட்டு, அறை ஒன்றுக்கு ஒரு கிராமில் கால் பங்கு அளவுக்குக் கிடைக்கும் கூழை வழித்தெடுக்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீராக இருந்தாலும், எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. உலர்த்தி மாத்திரையாக்கும்போது தண்ணீர் போய்விடுவதால் புரதம் இன்னும் செறிவாகிறது. ஒவ்வாமையைத் தூண்டுபவையாகக் கண்டறியப்பட்டிருப்பவை, ராயல் ஜெல்லியின் முதன்மைப் புரதங்கள் என்று அழைக்கப்படும் அந்தப் புரதங்களேதான். தேனில் அவை மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், ஆண்டுக்கணக்கில் தேன் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது ராயல் ஜெல்லிக்கு உத்தரவாதம் ஆகாது.

இங்கே நிகழ்வது உடனடி வகை ஒவ்வாமை. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, இரத்த அழுத்தச் சரிவு என்று அது விரையலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். 1990களில் ஆஸ்திரேலியாவில் கடும் ஆஸ்துமாத் தாக்குதல்களும் மரணமும் பதிவானதைத் தொடர்ந்து, கடுமையான ஒவ்வாமையையும் அரிதாக மரணத்தையும் விளைவிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை ராயல் ஜெல்லி கலந்த உணவுப் பொருளின் மீது அச்சிடுவதை அங்கே கட்டாயமாக்கினார்கள். முதன்முறை சாப்பிட்டபோதே கடும் எதிர்விளைவு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஆஸ்துமாக்காரர் வீட்டில் சோதித்துப் பார்ப்பதை நான் சரியான யோசனையாகக் கருதவில்லை.

புரோபோலிஸ் என்பது தேனீக்கள் மரங்களின் மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைச் சேகரித்து, மெழுகு கலந்து, பெட்டியின் விரிசல்களை அடைக்கப் பயன்படுத்தும் பழுப்பு நிறப் பசை. தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகவே பெரும்பாலும் ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீ புரோபோலிஸ் சேர்ப்பதில்லை என்பதால், பரம்பரையாகத் தேன் எடுப்பவர்களுக்கே இந்தப் பசை அவ்வளவு பழக்கமில்லை. கடையில் விற்பது இத்தாலியத் தேனீயின் பெட்டிகளில் சுரண்டியது. மிதவெப்ப நாடுகளில் இதன் மூலம் பெரும்பாலும் பாப்லர் மரத்து மொட்டு. அதிலுள்ள காஃபிக் அமிலத்தின் எஸ்டர்களே ஒவ்வாமையைத் தூண்டுபவை. இவை புரதமல்ல, சிறு மூலக்கூறுகள். ஆகவே எதிர்விளைவின் போக்கும் மாறிவிடுகிறது.

என் அத்தைக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். ஈறு வலிக்காக அவர் புரோபோலிஸ் கலந்த பற்பசையை வாங்கி, காலையும் இரவும் பயன்படுத்தினார். முதல் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் உதட்டோரம் சிவந்து தோலுரிந்தது. பற்பசையால் என்றால் முதல் நாளே வந்திருக்க வேண்டாமா என்று அவர் வாதிட்டார். பனிக்காற்று என்றும், புதுச் சுண்ணாம்பு என்றும் காரணம் தேடினார். தொடுவொவ்வாமையில் உடல் அந்தப் பொருளை முதலில் அடையாளம் கண்டு பழக வேண்டும்; அதற்குப் பல நாட்களோ வாரங்களோ ஆகும்; அதன்பின் ஒவ்வொரு முறை பட்டபோதும் ஓரிரு நாள் கழித்தே தோல் பொங்கும். தோல் மருத்துவர், வாஸ்லினில் பத்து சதவீதம் புரோபோலிஸ் கலந்த களிம்பை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்தபோது அந்த இடம் சிவந்திருந்தது. மேலும் இரு நாள் கழித்துப் பார்த்தபோது சிறு கொப்புளங்களே கிளம்பியிருந்தன. பெரு பால்சம் என்ற வாசனைப் பிசின் ஒட்டிய கட்டமும் லேசாகச் சிவந்தது. இரண்டிலும் பொதுவான பொருட்கள் இருப்பதால் இப்படிச் சேர்ந்து வருவது வழக்கம். பற்பசையை நிறுத்திப் பத்து நாளில் உதடு தேறியது. இத்தனைக்கும் நடுவில் தினமும் காலையில் இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து குடிப்பதை அவர் நிறுத்தவே இல்லை.

ஆகவே எந்தச் சோதனை எதற்கு என்பதும் மாறுகிறது. ராயல் ஜெல்லிக்கு, கையில் ஒரு துளி வைத்து ஊசியால் லேசாகக் குத்தி, கால் மணி நேரத்தில் தடிப்பு எழுகிறதா என்று பார்க்கும் சோதனை பொருந்தும். அதை அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். புரோபோலிஸுக்கு அந்தக் கால் மணி நேரச் சோதனை பெரும்பாலும் எதையும் காட்டாது. இதைத் தெரியாமல் தவறான சோதனையைச் செய்துகொண்டு, ஒவ்வாமை இல்லை என்ற நிம்மதியோடு திரும்புவதே இதில் பெரிய சிக்கல். புரோபோலிஸ் பெரும்பாலும் தோலையும் வாயையும் வருத்துவதோடு நின்றுவிடும், உயிருக்கு ஆபத்து அரிது. ராயல் ஜெல்லி குறைவானவர்களையே பாதித்தாலும், பாதித்தால் உயிரைத் தொடக்கூடும்.

இவற்றின் பலன்களைப் பற்றிச் செய்யப்பட்ட உரிமைகோரல்களை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் போதிய சான்றில்லை என்று ஏற்க மறுத்திருக்கிறது. ஆகவே ஆஸ்துமாவோ மூக்கொழுக்கோ உள்ளவர் ராயல் ஜெல்லியை முற்றாக விட்டுவிடுவதால் அவர் இழப்பது அதிகமில்லை. வாசனைப் பொருளோ தைலமோ பட்டால் தோல் வெடிப்பவர், உதட்டுப் பூச்சு, பற்பசை, இருமல் மிட்டாய் ஆகியவற்றின் உட்பொருள் பட்டியலில் புரோபோலிஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ராயல் ஜெல்லி மாத்திரையாக மட்டுமின்றி, தேனோடு கலந்தும் ஊக்கபானமாகவும் வருவதால், அதைத் தவிர்க்க வேண்டியவர்கள் தேன் என்று பெரிய எழுத்தில் இருக்கும் பாட்டிலின் பின்பக்கத்தையும் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது.