கெட்டது கேபிள்; கடையில் சொன்னது "ஹெட் போயிடுச்சு"

போன மாதம் என் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அது திடீரென்று துண்டித்துக்கொண்டது. சில விநாடிகளில் தானே வந்தது, மறுபடியும் போனது. நாலாவது தடவை `You need to format the disk in drive E: before you can use it` என்று திரையில் வந்தது. நல்லவேளையாக அதற்குச் சம்மதிக்காமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

அவர் நான் கொண்டுபோன அதே கேபிளிலேயே மாட்டிப் பார்த்தார். "ஹெட் போயிடுச்சு சார், பிரிச்சுதான் டேட்டா எடுக்கணும்" என்றார். ஹெட் என்பது டிஸ்குக்குள் தகடுகளைப் படிக்கும் முனை. கேட்ட தொகைக்குப் புது டிஸ்க் பல வாங்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று திருப்பி வாங்கி வந்தேன்.

வீட்டில் நண்பர் ஒருவர் வேறு கேபிளைப் போட்டு, சிபியுவின் பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகினார். டிஸ்க் உடனே திறந்தது. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்ட செக்டார்களை எண்ணும் 05, C5, C6 மூன்றின் மூல எண்ணும் பூஜ்யம். அதாவது, டிஸ்க் கெட்டுப்போன செக்டார் எதையும் இதுவரை கணக்கில் எழுதவில்லை. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் மட்டும் துண்டித்த ஒவ்வொரு நேரத்துக்கும் 157 என்ற எண்ணில் பதிவு இருந்தது: டிஸ்க் எதிர்பாராமல் பிடுங்கப்பட்டது என்று பொருள்.

நடந்தது இதுதான். கேபிள் முனை தளர்ந்தாலோ மின்சாரம் போதாமல் போனாலோ டிஸ்க் பாதியில் துண்டித்துக்கொள்ளும். விண்டோஸ் அந்த நேரத்தில் கோப்புகளின் அட்டவணையைப் படிக்கப் பார்க்கிறது, முடியவில்லை. உடனே ஃபார்மேட் கேட்கிறது. தகடுகளில் இருந்த படங்களுக்கு அதுவரை ஒன்றும் ஆகவில்லை. துண்டித்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்புதான் பெரும்பாலும் பாதியில் நிற்கும்.

ஆனால் எனக்கு உண்மையான இழப்பும் வந்தது. கடைக்காரர் என்னிடம் கேட்காமலேயே, அந்தக் கெட்ட கேபிளிலேயே, டிஸ்கைச் சரிபார்க்கும் இந்தக் கட்டளையை ஓட்டியிருக்கிறார்:

```
chkdsk E: /f
```

இது படிப்பதோடு நிற்காது, அட்டவணையைத் திருத்தி எழுதும். தொடர்பு அறுந்து அறுந்து வரும்போது அட்டவணையில் சரியாகப் படிக்க முடியாததையெல்லாம் பழுது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு ஃபோல்டர் முழுதும் `FOUND.000` என்ற மறைந்த ஃபோல்டருக்குள் `.CHK` கோப்புகளாகப் போய்விட்டது. படங்கள் இருக்கின்றன, பெயரும் தேதி வரிசையும் இல்லை. இன்னும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கடையில் கொடுக்கும் முன் வேறு கேபிள், பின்பக்க போர்ட், முடிந்தால் வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். இடையில் யுஎஸ்பி ஹப் வேண்டாம். திறந்தால் முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு காப்பி செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், என்னைக் கேட்காமல் `chkdsk`, ஃபார்மேட் எதையும் ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, C5 எண் ஏறிக்கொண்டே போனாலோ கேபிள் மேல் பழி போடாதீர்கள். அது பெரும்பாலும் டிஸ்கின் பழுது. திரும்பத் திரும்ப மாட்டிப் பார்க்காமல் உடனே கழற்றி வையுங்கள்.